நாய் குண்டாகிவிட்டதா? தடவிப் பார்ப்பதும் எடை குறைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தடுப்பூசிக்கு வருகிறவர்கள், கால் நொண்டுகிறது என்று வருகிறவர்கள், பேச்சு எடையில் வந்து நின்றதும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களின் நடுவே டாலி என்ற லேப்ரடார் அடிக்கடி வருவாள். ஆறு வயது, கருத்தடை செய்த பெண் நாய். முதலில் எங்களிடம் வந்தபோது 38 கிலோ.

"நல்லா புசுபுசுன்னு இருக்கு, ஆரோக்கியமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

கண்ணை நம்பாதீர்கள். தினமும் பார்க்கிற உருவம் மாதத்துக்கு கால் கிலோ ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் அது ஒன்பது கிலோ. அடர்ந்த முடி உள்ள நாய்களில் கண் இன்னும் ஏமாறும். இந்த ஊர் ஸ்பிட்ஸைக் குளிப்பாட்டி நனைந்த நிலையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்தக் கூடுதல் கொழுப்பின் விலை என்ன என்பதற்கு நேரடியான ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஜோடியில் ஒன்று சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட குழுவின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்ற குழுவுக்கு 11.2 வருடம். அந்த ஆயுள் வித்தியாசத்தோடு, ஒல்லியான நாய்களுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. அதிகமாகச் சாப்பிட்ட குழுகூட நாம் தெருவில் பார்க்கிற அளவுக்குக் குண்டாக இல்லை, லேசாகப் பருத்திருந்தது, அவ்வளவுதான்.

"வீட்டிலேயே எப்படித் தெரிஞ்சுக்கறது? எங்ககிட்ட எடை மெஷின் இல்லையே."

மெஷினைவிட விரல் நல்லது. எண்ணைப் பார்த்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒரே இனத்தில் 28 கிலோவில் அளவான நாயும் உண்டு, 34 கிலோவில் அளவான நாயும் உண்டு. எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நாயை நிற்க வையுங்கள், படுத்திருந்தால் சரியாகத் தெரியாது. பின்பக்கமாக நின்று இரண்டு கட்டை விரலையும் முதுகெலும்பின் மேல் வைத்து, மற்ற விரல்களை விலாவின் மேல் விரித்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்து ஆரம்பித்து, அழுத்தாமல், குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முடி அதிகம் என்றால் விரல் நுனி தோலைத் தொடும்வரை உள்ளே விடுங்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையே போதும். இடது கையை மேசைமேல் உள்ளங்கை கீழே இருக்கும்படி தட்டையாக வையுங்கள். வலது கை விரலால் புறங்கையைக் குறுக்கே தடவுங்கள். விரல்களுக்குக் கீழே நீள எலும்புகள் மெல்லிய தோலுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். நாயின் விலா இப்படி இருந்தால் அளவான உடம்பு. கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவுங்கள். விலா அந்த மாதிரித் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. அப்புறம் கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்துச் சதையைத் தடவுங்கள். எலும்பு இருப்பது தெரியும், ஆனால் அழுத்தினால்தான் தெரியும். விலா இப்படி இருந்தால் எடை கூடுதல். எவ்வளவு அழுத்தினாலும் எலும்பு கிடைக்கவில்லை என்றால் நிறையவே கூடுதல்.

டாலியின் வீட்டு அம்மாவை இதைச் செய்யச் சொன்னேன். விலாமேல் விரலை ஓட்டினார். நின்றார். தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் டாலியிடம் போய் இந்த முறை நன்றாக அழுத்தினார். "எலும்பே சிக்கலையே டாக்டர்" என்று அவர் சொன்ன பிறகு நான் விளக்க எதுவும் மிச்சமில்லை.

விலா பார்த்தபின் இன்னும் மூன்று இடம் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். பக் போன்ற குட்டையான இனங்களில் இந்த ஏற்றம் குறைவாக இருக்கும், அங்கே விலாவையே நம்புங்கள். கடைசியாக வால் முளைக்கிற இடம். அங்கே மெத்தைபோல் இருந்தால் கொழுப்பு தேங்கி வெகுநாளாகிவிட்டது.

மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். நாலும் அஞ்சும் அளவானவை. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ பத்து சதவீதக் கூடுதல் எடை. டாலிக்கு எட்டு போட்டோம்.

"எங்க சிப்பிப்பாறைக்கு விலா எலும்பை எண்ணிடலாம்போல இருக்கு. பக்கத்து வீட்ல பட்டினி போடறீங்களான்னு கேட்கிறாங்க."

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஓடிப் பிடிக்கிற வேட்டை நாய்கள். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும், இடுப்பு குழிவாக ஒடுங்கியிருப்பதும் அவற்றுக்கு இயல்பு. தொடையையும் முதுகின் இருபுறத்தையும் பிடித்துப் பாருங்கள். தசை கெட்டியாக, நிறைவாக இருந்தால் நாய் நன்றாகவே இருக்கிறது. முதுகெலும்பின் முனைகளும் இடுப்பெலும்பும் கூர்மையாகக் குத்தி, தொடை தளர்ந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சுக்காக லேப்ரடார் மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வயதான நாய்களில் தசை கரைந்து, அதே சமயம் வயிற்றில் கொழுப்பு சேரும். எடை மாறியிருக்காது. நெற்றிப் பொட்டுப் பக்கம் குழி விழுந்திருக்கிறதா, தோள்பட்டை எலும்பு தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட நாய்க்கு நீங்களாகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

"அது சாப்பிடறதே கொஞ்சம்தான். அப்புறம் எப்படி எடை ஏறுது?"

எல்லா வீட்டிலும் இதையே சொல்வார்கள், யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கொடுக்கிறார்கள், கொடுப்பது எத்தனை பேர் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

டாலி வீட்டில் ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னோம். ஃப்ரிட்ஜ் மேல் நோட்டு, பக்கத்தில் பேனா, யார் கொடுத்தாலும் எழுதிவிட்டுக் கொடுக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு டம்ளர் கிப்பிள், அதாவது கடையில் பையில் விற்கிற உலர் உணவு. டம்ளருக்கு 130 கிராம் என்று நினைத்திருந்தார்கள். குவித்து அள்ளியதைத் தராசில் போட்டால் 175 கிராம். ஆக ஒரு நாளைக்கு 350 கிராம், அந்தப் பையில் போட்டிருந்த கணக்குப்படி சுமார் 1,225 கிலோ கலோரி. தாத்தா காபி குடிக்கும்போது காலையும் மாலையும் இரண்டிரண்டு மாரி பிஸ்கட், அதில் ஏறக்குறைய 90. பையன் தட்டிலிருந்து இரண்டு இட்லி, 100. ராத்திரி மிச்சமான தயிர்சாதம் ஒரு கிண்ணம், 200. படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் பால், 130. கூட்டினால் 1,745 வருகிறது. அவளுக்குத் தேவையானது இதில் பாதிதான்.

சின்ன நாய்க்கு இது இன்னும் வேகமாக ஏறும். ஐந்து கிலோ ஸ்பிட்ஸ் சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிப்பது 235 கிலோ கலோரிதான். அதற்கு இரண்டு மாரி பிஸ்கட் என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டு விஷயத்தில் மட்டும் நாய் பக்கமும் காரணம் இருக்கிறது. கருத்தடைக்குப் பிறகு தேவை குறையும், பசி கூடும். ஆபரேஷன் முடிந்ததுமே அளவைக் குறைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இன்னொன்று, 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசை மற்றவற்றைவிட அதிகம். அது பேராசை இல்லை, பழக்கக் கேடும் இல்லை. பாவம், அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது.

"தைராய்டா இருக்குமோ?"

இருக்கலாம், ஆனால் பெரும்பாலான குண்டு நாய்களுக்குக் காரணம் சாப்பாடுதான். சாப்பாடு கூடாமலே எடை ஏறி, எப்போதும் சோர்ந்து, குளிர் தாங்காமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டினால் தைராய்டு பார்க்க வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறு மட்டும் தொங்கினால், ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும் குஷிங் நோயா என்று சோதிக்க வேண்டும். வலிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் பசியைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வயிறு சில நாள்களில் பெருத்து, விலாவும் முதுகெலும்பும் கூர்மையாகத் தட்டுப்பட்டால் அது கொழுப்பே இல்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், இதயமோ கல்லீரலோ காரணமாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

"சரி, ஒரு நாளைக்கு எவ்வளவுதான் போடணும்?"

இப்போதைய எடைக்கு இல்லை, போய்ச் சேர வேண்டிய எடைக்குக் கணக்குப் போட வேண்டும். டாலி எட்டு மதிப்பெண், அதாவது சுமார் 30 சதவீதம் கூடுதல். 38ஐ 1.3ஆல் வகுத்தால் 29 கிலோ சொச்சம். முதல் இலக்காக 30 வைத்துக்கொண்டோம்.

30 கிலோ நாய் ஓய்வாக இருக்கும்போது எவ்வளவு செலவழிக்கும் என்பதை போன் கால்குலேட்டரிலேயே போடலாம். 30 × 30 × 30 என்று பெருக்குங்கள், 27,000. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், 12.8 வரும். அதை 70ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 900 கிலோ கலோரி. எடை குறைப்புக்கு இதுதான் தொடக்க அளவு. எல்லா நாயும் ஒரே மாதிரி எரிப்பதில்லை என்பதால் இதைத் தொடக்கம் என்றுதான் சொல்கிறேன், தராசு பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90, தின்பண்டத்துக்கு. மீதி 810 கிப்பிளுக்கு. பையின் பின்பக்கம் ஒரு கிலோவில் எத்தனை கிலோ கலோரி என்று போட்டிருக்கும். டாலியின் பையில் 3,500. ஆக ஒரு நாளைக்கு 230 கிராம். டம்ளரால் அளக்காதீர்கள். சமையலறைத் தராசு வாங்குங்கள், காலையிலேயே முழு நாளைக்கும் உரியதை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது.

1,745இல் இருந்து ஒரே நாளில் 900க்கு இறக்கவில்லை. முதல் வாரம் கூடுதல் பண்டங்களை மட்டும் நிறுத்தி, கிப்பிளை அதே 350 கிராமில் விட்டோம். இரண்டாம் வாரம் 300 கிராம். மூன்றாம் வாரம் 230 கிராமும் தாத்தாவின் 90ம்.

சாதாரணக் கிப்பிளை இதற்குமேல் நிறையக் குறைத்துக்கொண்டே போவது ஆபத்து. கலோரி குறையும்போது புரதமும் தாதுக்களும் சேர்ந்தே குறைந்துவிடும், உடம்பு தசையைக் கரைக்கும். அந்த நிலை வந்தால் எடை குறைப்புக்கென்றே தயாரித்த, புரதமும் நார்ச்சத்தும் கூடிய உணவுக்கு மாற வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் வயிறு நிறையும், தசை தங்கும்.

"கிப்பிள் போடறதில்லை, வீட்டுச் சாப்பாடுதான். அதுக்கு என்ன கணக்கு?"

அப்படியானால் எல்லாவற்றையும் சமமாகக் குறைக்காதீர்கள். கோழிக்கறியையும் முட்டையையும் விட்டுவிட்டு, சோறு, எண்ணெய், நெய், பால் இவற்றில் கை வையுங்கள். வேகவைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கிலோ கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. குறைத்த சோற்றின் இடத்தில் வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் சேர்த்தால் கிண்ணம் நிறைந்த மாதிரி இருக்கும். வெங்காயம், திராட்சை, கிஸ்மிஸ் கூடாது. சர்க்கரை இல்லாததுதானே என்று நினைத்து, சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த பிஸ்கட், மிட்டாயைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம். அப்புறம், வெறும் சோறும் கறியும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் போதாது. உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கலவையைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு மாசத்துல குறைச்சிடலாமா? கல்யாணத்துக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்."

வேண்டாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை குறையலாம். டாலிக்கு அது வாரம் 380 முதல் 760 கிராம். ஒரு சதவீத வேகத்தில் எட்டு கிலோ குறைய ஆறு மாதம் பிடிக்கும். இரண்டைத் தாண்டினால் கொழுப்போடு தசையும் போகிறது என்று அர்த்தம், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், காலையில் சாப்பிடும்முன் நிறுங்கள். சின்ன நாயானால் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய நாயை கிளினிக் தராசுக்குக் கூட்டி வாருங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டோம்.

"நிறைய வாக்கிங் கூட்டிட்டுப் போனா போதாதா?"

நடப்பது தசைக்கும் மூட்டுக்கும் அவசியம். எடை குறைய அது மட்டும் போதாது. 38 கிலோ நாய் மூன்று கிலோமீட்டர் நடந்தால் தோராயமாக நூறு கிலோ கலோரி போகும். திரும்பி வந்ததும் கொடுக்கிற அரைக் கிண்ணம் தயிர்சாதத்தில் அது திரும்பி வந்துவிடும்.

குண்டு நாயை நம் ஊர் வெயிலில் நடத்துவது உயிருக்கே ஆபத்து. கொழுப்பு உள்சூட்டை வெளியே விடாது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தால்தான் சூடு தணியும். பக் மாதிரி தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். மாலையில் என்றால் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி தாங்கவில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே இருங்கள். டாலிக்குப் பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினோம். மூட்டு வலியால் நொண்டுகிற நாய்க்கு முதலில் வலிக்கு மருந்து, அப்புறம்தான் நடை.

"பசிக்குதுன்னு முகத்தையே பார்க்குது, மனசு கேட்கலை."

எனக்கும் கேட்காது. அதனால்தான் அளவைக் கூட்டாமல், கொடுக்கிற விதத்தை மாற்றச் சொல்கிறேன். அதே 230 கிராமை இரண்டு வேளைக்குப் பதில் மூன்று வேளையாகப் பிரியுங்கள். காலையில் வெறும் வயிற்றில் மஞ்சளாகப் பித்தம் வாந்தி எடுக்கிற நாய்களுக்கும் இது உதவும், ராத்திரிப் பங்கைக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். கிண்ணத்தில் கொட்டாமல் பழைய துண்டில் தூவி, சுருட்டி, தரையில் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் விழுங்குவதை மோப்பம் பிடித்துத் தேடிச் சாப்பிடக் கால் மணி நேரம் ஆகும்.

தாத்தாவிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. காபியும் டாலியும் அவருக்கு ஒரே நேரம். அவருடைய கிண்ணத்தில் வெள்ளரித் துண்டும் கேரட்டும் வைத்தோம், பிஸ்கட் ஒன்று மட்டும், அதையும் நாலாக உடைத்து. டாலிக்கு எத்தனை தடவை கை நீள்கிறது என்பதுதான் கணக்கு, துண்டு எவ்வளவு பெரிது என்று அவள் பார்ப்பதில்லை.

ஆனால் நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடவே இல்லை என்றால் அது வேறு. டயட் என்று விட்டுவிடாமல் கூட்டி வாருங்கள்.

"முதல்ல நல்லா குறைஞ்சது. இப்ப ஒரு மாசமா அப்படியே நிக்குது."

டாலிக்கும் நின்றது. முதல் மாதம் ஒன்றரைக் கிலோ, மூன்றாம் மாத முடிவில் 34. அங்கேயே ஐந்து வாரம். வீட்டு நோட்டில் ஒரு தப்பும் இல்லை. ஒருநாள் காலையில் பையன் நடை கூட்டிப்போன வழியில் டாலி தானாகவே டீக்கடைப் பக்கம் இழுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். நடை நேரத்தில் அங்கே தினமும் ஒருவர் அன்பாக ஒரு பன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பன் என்பது சுமார் 150 கிலோ கலோரி, அவளுடைய ஒரு நாள் பங்கில் ஆறில் ஒன்று. அவரிடம் விஷயத்தைச் சொல்லி, டப்பாவிலிருந்து நாலு கிப்பிளை அவர் கையிலேயே கொடுத்துப் போடச் சொன்னோம். மறு வாரமே தராசு அசைந்தது.

அதனால் முதலில் வெளியே விசாரியுங்கள், பிறகு தராசில் கிப்பிளை மறுபடி நிறுத்துப் பாருங்கள், பையை மாற்றியிருந்தால் புதுப் பையின் கலோரியையும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் பத்து சதவீதம் குறைக்கலாம், 900 இருந்தால் 810. உடம்பு சிறிதாகும்போது அதன் செலவும் குறைவது இயல்புதான். அதற்கும் மசியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையும் உணவு மாற்றமும் பேச வேண்டும்.

இலக்கைத் தொட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். பத்து சதவீதம் கூட்டி, இரண்டு வாரம் பார்த்து, எடை நிலையாக நிற்கும்வரை அப்படியே போக வேண்டும். டாலி ஏழாம் மாதம் 30.4 கிலோ. இப்போது 265 கிராம் கிப்பிளில் நிற்கிறாள். மாதம் முதல் ஞாயிறு, குளித்துத் துவட்டிய பின், அந்த அம்மா விலாமேல் விரலை ஓட்டி, பிறகு தன் புறங்கையைத் தடவிப் பார்க்கிறார்.